ஓடும் தூணில் ஒரு பெயர்

மருதனார்மடம் சந்தி வீடியோக் கடையில் கல்யாணப் படங்களுக்குப் பெயர் ஓடவிடுகிறவள் கத்தரீனா. ‘பொம்பிளைக்கு ஏன் கொம்பியூட்டர்?’ என்று நக்கலடித்தவர்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு அவளைத்தான் தேடி வந்தார்கள். கரண்ட் இல்லாத ஊர். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுபோனால், அவள் முணுமுணுக்காமல் முதலிலிருந்து தொடங்குவாள்.

கெட்டிக்காரி. மற்றக் கடைகளில் எழுத்துகள் படத்துக்கு மேலே ஒட்டின முத்திரை மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். காரணம் அவளுக்குத் தெரியும். கமரா ஒவ்வொரு படத்தையும் பிடிக்க ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு எடுக்கிறது. அதற்குள் ஓடுகிற பொருள் நகர்ந்துவிடுவதால் இழுபட்டுத் தெரியும். கொம்பியூட்டர் எழுத்து எவ்வளவு வேகமாக ஓடினாலும் இழுபடாது. ஆகவே அந்த இழுபாட்டை அவளே கீறிச் சேர்ப்பாள்.

1992இல் சுவிஸிலிருந்து தம்பி லியோனின் கடிதம் வந்தது. மயிலிட்டியில் அவர்களுடைய வீடு ஷெல் விழுந்து சிதறியது உண்மை. ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட அன்று, கடையின் கமராக்காரர் வான் வண்டியில் போய்க்கொண்டே அந்த வீட்டை எடுத்திருந்தார். அந்தக் கசெற்றின் மங்கலான பிரதியொன்றை லியோன் அகதி வழக்கில் காட்டியிருக்கிறான். ‘இது யாருடைய வீடாகவும் இருக்கலாமே?’ என்றிருக்கிறார் அதிகாரி. தகப்பன் லயனலின் பெயர் பொறித்த மதில் விழுந்துவிட்டது. வாசல் படலைத் தூண் மட்டுந்தான் மிச்சம். திரும்பப் போய் எடுக்கலாமென்றால் ஊர் முழுக்க ஆமிக்காரர். அடுத்த விசாரணைக்குள் வீடு தங்களுடையது என்று காட்டாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“இஞ்சை இருக்கிற அசல் கசெற்றிலை, அந்தத் தூணிலை உங்கடை அப்பான்ரை பேரைப் போட்டுவிடுங்கோ மச்சாள்” என்றாள் லியோனின் மனைவி றோஸ்.

கள்ளவேலைதான். ஆனால் வீடு அவர்களுடையது என்பது கள்ளமில்லையே! அன்றைக்கு அந்த ஊரில் யாராவது அவளைப் பிழை சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கசெற்றை ஒவ்வொரு படமாக நிறுத்தி, ரீவியில் ஒட்டின பிளாஸ்ரிக் தாளில் தூண் நிற்கும் இடங்களைக் குறித்தாள். தூண் திரையைக் கடக்க ஒரு செக்கன்கூட இல்லை, இருபது படங்கள். தூணின் ஓரம் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று அளந்தாள். பிறகு கொம்பியூட்டரில், ஒவ்வொரு படத்திலும் அதே நீளத்துக்குள், தூண் ஓடும் திசையிலேயே, பெயரை ஏழு தடவை கொஞ்சம் கொஞ்சம் தள்ளி ஒன்றின்மேல் ஒன்றாகக் கீறினாள். ஓரங்களில் புள்ளி புள்ளியாக இடைவெளி விட்டாள். அதனூடாகத் தூண் தெரிந்தது. வான் வேகம் குறைந்த இடத்தில் இழுபாட்டையும் குறைத்தாள். மூன்று கிழமை போனது. முடிவில் ஐந்து தடவை போட்டுப் பார்த்தாள். எங்கே ஒட்டினாள் என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

றோஸ் பார்த்தாள். முகம் கறுத்தது.

“அழிஞ்சுபோன மாதிரிக் கிடக்கு மச்சாள். வெள்ளைக்காரன் எப்பிடி இதை வாசிக்கிறது?”

“ஓடேக்கை எல்லாம் அப்பிடித்தான் றோஸ். தூண் இழுபட்டால் பேரும் இழுபட வேணும். நிப்பாட்டிப் பார்த்தால் ஓரளவுக்கு விளங்கும்.”

“உந்த நியாயமெல்லாம் எனக்கு வேண்டாம். ஓரளவுக்கு விளங்கி என்ன செய்யிறது? அவரின்ரை உயிர் மச்சாள்!”

அழத் தொடங்கினாள். மூன்று வருடமாகப் புருசனைக் காணாதவள். கத்தரீனா மனம் இளகிப்போனாள். ஏழு கீறலில் ஆறை அழித்தாள். பெயர் பளிச்சென்று நின்றது. கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போன ஒருவரிடம், சுவிஸுக்கு அனுப்பச் சொல்லிக் கசெற்றைக் கொடுத்துவிட்டார்கள்.

ஏழு மாதம் கழித்து லியோன் எழுதினான். ‘அதிகாரியள் நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்தினம். வீடு, மரம், தூண் எல்லாம் இழுபட்டிருக்க, பேர் மட்டும் அசையாமல் நிக்குதாம். ஒட்டினது எண்டு சொல்லிப்போட்டினம். இனி நான் சொன்ன உண்மையையும் நம்பமாட்டினம்.’

அதற்குப் பிறகு அவனிடமிருந்து கடிதமே வரவில்லை. விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள் என்றும், கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் வைத்து ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றும் ஆட்கள் சொன்னார்கள். எந்த ஆமி முகாமில் கேட்டாலும் அப்படி ஒருவரும் இல்லையாம்.

ஒருநாள் மத்தியானம் றோஸ் கடைக்கு வந்தாள். ரீவிக்கு முன்னால் போய் இருந்தாள்.

“மச்சாள், முதல் செய்ததை அனுப்பியிருந்தால் பிடிச்சிருக்கமாட்டினம், என்ன?”

கத்தரீனா அவளைப் பார்க்கவில்லை.

“எப்பிடியும் பிடிச்சிருப்பினம்” என்றாள். “முதல் செய்ததும் சரியில்லை. பிழை என்ரை.”