மஞ்சள் பூசிய தடிப்பின் படம்

என் மகள் பிறந்து ஐந்தாம் நாள் என் வயிற்றில் சிவப்புத் தடிப்புகள் எழும்பின. பிள்ளைப்பேறு பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டில், ரொம்சோஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமி, மனைவியின் அம்மா, ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இது கொப்புளிப்பான், தம்பி. பிள்ளைக்குத் தொத்திப் போடும். அந்தப் பக்கம் வராதேங்கோ."

சின்ன வயதிலேயே எனக்கு அந்த அம்மை வந்து போனது என்றேன். கேட்டால்தானே! மனைவியின் அறைக்கதவைச் சாத்திவிட்டு, மஞ்சளைக் குழைத்துத் தந்து பூசச் சொன்னார். பெற்ற பிள்ளையைக் கதவிடுக்கால் எட்டிப் பார்க்கும் கோலம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உள்ளுக்குள் பயமும் இருந்தது. பூசினேன்.

டொக்டரிடம் மூன்று நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அதற்குள் மறைந்தால் என்ன செய்வது என்று, குளியலறை விளக்கில் கைபேசியைக் கிட்டப் பிடித்துப் படமெடுத்தேன். நினைத்தபடியே டொக்டரிடம் போன அன்று வயிற்றில் ஒரு தடிப்பும் இல்லை. பெருமையாகப் படத்தை நீட்டினேன்.

"இது உடம்பில் எந்த இடம்?" என்று டொக்டர் அம்மா கேட்டார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஒரே மஞ்சள். காய்ந்த மஞ்சள் துகள்கள் பொருக்கு மாதிரித் தெரிந்தன.

"சரியான நிறம் இல்லை. பக்கத்தில் ஒரு நாணயம் வைத்திருந்தால் அளவாவது தெரிந்திருக்கும். எழும்பி நின்றதா, தட்டையா என்று விரலால்தான் அறியலாம்."

நல்லவேளை, முன்கையில் புதிதாக ஒன்று கிளம்பியிருந்தது. அவர் அதைத் தடவினார். விரலால் அமர்த்த, அது வெளிறித் திரும்பச் சிவந்தது. விளிம்பைப் பார்த்தார், நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்தார். கடி, அரிப்பு இருக்கிறதா, காய்ச்சலா, புது மருந்து ஏதும் எடுத்தேனா என்று கேட்டார்.

"ஒரே இடத்தில் நிற்கிறதா?"

"இல்லை. காலையில் ஒரு இடம், பின்னேரம் வேறு இடம்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் இது தோலில் எழும்பி மறையும் தடிப்பு. தொற்றாது. கொப்புளிப்பான் நீர்க்கொப்புளமாகிப் பொருக்குத் தட்டும், ஒரு நாளில் மறையாது."

"என் மாமியிடம் இதை யார் சொல்வது?"

அவர் சிரித்துக்கொண்டே பேனாவால் தடிப்பைச் சுற்றிக் கோடு போட்டு நேரத்தையும் எழுதினார். "நாளை இதே நேரத்துக்குள் தழும்பில்லாமல் மறைந்துவிடும். அவரையே பார்க்கச் சொல்லுங்கள்."

மறுநாள் காலை மாமி மூக்குக்கண்ணாடியை மாட்டி என் கையை யன்னலடிக்கு இழுத்தார். தடவினார். கோடு இருந்தது, உள்ளே வெறும் தோல். அறைக்குள் போனவர், பிள்ளையோடு வந்தார்.

"இந்தாங்கோ தம்பி. தலையைப் பார்த்துப் பிடியுங்கோ."

பிறந்து ஒன்பதாம் நாள். என்ன சூடு, என்ன பாரமின்மை! அடக்க முடியாமல் அழுதேன். மூக்கு ஒழுகியது.

மாமி திடுக்கிட்டுக் கை நீட்டினார். "ஐயோ, மூக்கு ஓடுது, தடிமன் போலை கிடக்கு. பிள்ளையை இஞ்சை தாங்கோ!"