கலோரிக்கு முன்னால் எண்பது

போராட்டத்தால் மூடப்பட்ட பெண்கள் உயர்நிலைப் பள்ளி, தசரா விடுமுறை கழிந்தும் திறக்காமல் கிடந்து, ஒருவழியாகத் திறந்தபோது மார்கழிக் குளிர் வந்துவிட்டது. பௌதிகத்தில் பாதிகூட நடந்திருக்கவில்லை. பொதுப் பரீட்சையோ பங்குனியில்.

ஏ பிரிவுக்கு வைதேஹி, பி பிரிவுக்குச் செலுவம்பா. வருஷத் திட்டத்தைத் திருத்தி எழுதும்படி தலைமையாசிரியை சொன்னார். வைதேஹி பழைய கேள்வித்தாள்களைப் புரட்டினாள். பனிக்கட்டி உருகவும் நீர் ஆவியாகவும் வேண்டிய உள்ளுறை வெப்பம் தவறாமல் வருகிறது. அதற்கு முந்திய வெப்ப அளவும் தன்வெப்பமும் கணக்கு நிறைந்த பாடங்கள், நாளைத் தின்னும். அவற்றை அடித்துவிட்டாள்.

செலுவம்பா ஒலிப் பாடத்தை வீட்டில் படிக்கக் கொடுத்துவிட்டு, வெப்ப அளவிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னும் வெந்நீர்தான் வெச்சிண்டிருக்கியா? பரீட்சைக்குள்ள கொதிக்குமோன்னோ?" என்று வைதேஹி ஆசிரியர் அறையில் கேலி செய்தாள்.

"அடியில இருக்கறதை விட்டுட்டா மேல எதை நிறுத்தறது வைதேஹி?"

ஏ பிரிவு முந்துவதைக் கண்ட தலைமையாசிரியை, "வைதேஹியின் திட்டத்தையே நீங்களும் எடுத்துக்கொள்ளலாமே" என்று செலுவம்பாவை அழைத்துக்கொண்டு வைதேஹியின் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு கிராம் பனிக்கட்டி உருக?" வைதேஹி கேட்டாள்.

"எண்பது கலோரி!" வகுப்பே முழங்கியது.

தலைமையாசிரியை சிரித்தார். "நல்லது. கலோரி என்றால் என்ன?"

"எண்பது" என்று ஒருத்தி இழுத்தாள். அவர் மீண்டும், "ஒரு தம்ளரில் கொதிநீர், ஒரு அண்டாவில் கொதிநீர். எதில் வெப்பம் அதிகம்?" என்றார்.

"இரண்டிலும் ஒன்றுதான், நூறு டிகிரி" என்றாள் முதல் பெஞ்சுக்காரி. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

வைதேஹிக்குக் காது சுட்டது. "வீட்டுல படிச்சிண்டு வரச் சொன்னேனே!" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதே இல்லை. ஹனூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் சாமியாத்தாள் பதற்றத்தில் வகுப்பு மொழியான கன்னடத்தை மறந்து தமிழிலேயே சொன்னாள்: "இல்லீங்க டீச்சர், அந்தப் பாடமே வேண்டாம்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"பொய் சொல்லாதே!"

பெண் உட்கார்ந்துவிட்டாள். தலைமையாசிரியை எழுந்து போனார். செலுவம்பா வைதேஹியைப் பார்க்காமல் பின்னால் போனாள். அவர்கள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது வைதேஹிக்கு.

அன்று மாலை ஆசிரியர் அறையில் வைதேஹி, "உன் திட்டத்தைக் குடேன்" என்றாள். செலுவம்பா கொடுத்தாள். "ஒலியை அவாளே படிச்சுப்பா. சனிக்கிழமை மத்தியானம் உன் பொண்களையும் என் பொண்களோட சேர்த்து உட்கார வை, வெப்பம் சொல்லித் தரேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வகுப்பில் வைதேஹி கரும்பலகையருகே நின்று, "நேத்து சாமியாத்தாள் சொன்னதுதான் நிஜம். பொய் சொன்னது நான்" என்றாள். "வெப்ப அளவிலேர்ந்து ஆரம்பிக்கப் போறோம்."

சாமியாத்தாள் தயங்கி எழுந்தாள். "அப்ப இத்தனை நாளா மனப்பாடம் பண்ணுனத மறந்துரலாமுங்களா டீச்சர்?"

பின்பெஞ்சில் சிரிப்பு. கேட்டவளிடம் கேலி இல்லை; அதனாலேயே அந்தக் கேள்வி வைதேஹியை இன்னும் சுட்டது.

"வேண்டாம்" என்றாள் வைதேஹி. "கடைசியில அந்த எண்பதுக்குத்தான் வரணும்."

தலையைத் திருப்பிக்கொண்டு சுண்ணக்கட்டியைத் தேடினாள். அது கையிலேயே இருந்தது.