போனைக் கீழே வைக்கச் சொன்ன அட்டை

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் என் மேல் திருட்டுப்பட்டம் விழுந்தது.

கிளைகளில் இருப்பவர்களுக்கான மாறுதல் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். பாண்டி தலைமை அலுவலகம் கையெழுத்து போடும்வரை அது ரகசியம். ஆனால் பூவம் கிளைக்காரர் மறுநாளே சிபாரிசுக் கடிதத்தோடு வந்து நின்றார். "எனக்குத் திருமலைராயன்பட்டினமாமே, நிறுத்திக் கொடுங்க" என்றார். பட்டியலைப் பார்த்தது மேனேஜர், ஹெட் கிளார்க், நான். மூவரில் யார் இளைத்தவர் என்று யோசிக்க மேனேஜருக்கு நேரமே ஆகவில்லை. ஒரு வாரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவதாக எனக்கு மெமோ வந்தது. ஆத்திரத்தில் அன்று நான் தட்டிய தட்டில் தட்டச்சு மெஷினின் நாடா கிழிந்தது.

கூடவே மேனேஜர் ஒரு சுற்றறிக்கையும் விட்டார். 'தகவல் பாதுகாப்பு' என்று இரண்டு பக்கம். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். எங்கள் அலுவலகத்தில் சுற்றறிக்கை என்றால் படிப்பதற்கல்ல, ஓரத்தில் கையெழுத்து போடுவதற்கு. ஒரு டீ ஆறுவதற்குள் எல்லா மேசையும் சுற்றி வந்துவிடும்.

ஹெட் கிளார்க் மேசைக்கு அது போனபோது அவர் போனில் இருந்தார். பாண்டி என்று சொல்லிவிட்டால் எழுந்து நின்று, சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டுதான் பேசுவார். ரிசீவரைத் தோளில் இடுக்கி, சுற்றறிக்கையில் கையெழுத்து போட்டபடியே, "ஆமாங்க சார், தலத்தெரு கிளை ஆளுக்கும் மாறுதல்தாங்க சார்" என்றார். ரகசியத்தைக் காக்கச் சொல்லும் தாளின் மேலேயே ரகசியம் போய்க்கொண்டிருந்தது.

"யாரு சார் போன்ல?"

"பாண்டி ஹெட் ஆபீஸ் பெரிய சார்ம்மா. போன வாரமும் அவருதான் கேட்டாரு."

"அவருதான்னு எப்படித் தெரியும்?"

"அந்த அதட்டலைக் கேட்டா தெரியாதா?"

அதட்டத் தெரிந்தவரெல்லாம் எங்களுக்குப் பெரிய சார். பேசியது அவர் இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை. நேரே மேனேஜரிடம் போனேன். "உங்க ரெண்டு பக்கத்த ஒருத்தரும் படிக்கல சார். நான் மூணு வரி அடிச்சுத் தர்றேன்" என்றேன். பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

அவர் முறைத்தார், ஆனாலும் அடிக்கச் சொன்னார். ஓர் அட்டையில் இப்படி அடித்தேன்:

'போனில் யார் பட்டியல் கேட்டாலும் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வைத்துவிடுங்கள்.
அவர் தரும் நம்பருக்கு அல்ல, நம் டைரியில் உள்ள நம்பருக்கு நாமே டிரங்க் கால் போட்டுச் சொல்லுங்கள்.
காத்திருக்க வைத்ததற்காக யாருக்கும் மெமோ கிடையாது.'

மூன்றாவது வரியை மேனேஜர் பேனாவால் வெட்டப் போனார். "அது இல்லன்னா மத்த ரெண்டும் வீண் சார். இங்க எல்லாருக்கும் திருடனைவிட மெமோவுக்குத்தான் பயம்" என்றேன். அதே பேனாவால் கையெழுத்து போட்டார். அட்டையைப் போனின் மேல் கட்டிவிட்டேன். அதை விலக்காமல் ரிசீவரை எடுக்க முடியாது.

இரண்டாம் நாள் பாண்டியிலிருந்து போன் வந்தது. ஹெட் கிளார்க் எழுந்தார், பித்தானைப் போட்டார், அட்டையைப் பார்த்தார். நெற்றி வியர்த்தது. "சார், பட்டியலா சார்... நானே திருப்பிக் கூப்பிடுறேன் சார்... வச்சிடறேன் சார்" என்று வைத்தேவிட்டார். பிறகு டைரியைப் பார்த்து எக்ஸ்சேஞ்சில் பாண்டிக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அன்று மதியம் அவருடைய தயிர்சாதம் மூடியைத் திறக்காமலே இருந்தது. என்னுடையதும்தான்.

மூன்று மணிக்கு லைன் கிடைத்தது. பேசியவர் உண்மையான பெரிய சார். அவர் கத்தியது என் மேசைவரை கேட்டது.

"பாண்டியிலேர்ந்து நான் பேசறேன், முகத்துல அடிச்ச மாதிரி போனை வைக்கிறியா?"

"ரூல் சார். மேனேஜர் சார் கையெழுத்து இருக்கு சார்" என்று அட்டையை ரிசீவருக்கு நேரே தூக்கிக் காட்டினார் ஹெட் கிளார்க். "இந்த ரூல் வர்றதுக்கு முன்னாடி நீங்க கேட்ட ரெண்டு தடவையும் உடனே பட்டியலைப் படிச்சுச் சொன்னேனே சார்."

"நான் எங்கய்யா கேட்டேன்? இன்னிக்குத்தான் முதல் தடவையா கேக்கறேன்."

ஹெட் கிளார்க் மெல்ல உட்கார்ந்தார். அவர் போனில் உட்கார்ந்து பேசி அன்றுதான் பார்த்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது.

போனை வைத்தபின் அவர் என் மேசைக்கு வந்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. "மேனேஜருக்கு ஒரு கடிதம் அடிக்கணும்மா" என்றார். தாளைச் செருகினேன்.

"மாறுதல் பட்டியல் தொலைபேசி வழியாக வெளியே சொல்லப்பட்டுவிட்டது" என்று ஆரம்பித்தார்.

நான் அடிக்கவில்லை. "யாரு சொன்னாங்கன்னு போடணும் சார்."

அவர் சன்னலைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நான்னு போடும்மா" என்றார். "ரெண்டு காப்பி அடி. ஒண்ண உன் மெமோவோட சேத்து வச்சுக்க."