பெரிய தொட்டிக்குள் போன எலும்பு

கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் நகராட்சியின் ஈரக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையத்தில் சில வருடங்கள் நான் பொறுப்பாளராக வேலை பார்த்தேன். நிலையத்தை நடத்தியது ஒரு ஒப்பந்தக் கம்பெனி. என் சம்பளமும் அங்கிருந்துதான் வந்தது.

நான் போய்ச் சேர்ந்த நேரம் நல்ல நேரமல்ல. நிலையம் நின்ற இடம் ஒரு காலத்தில் மேய்ச்சல் புறம்போக்கு. மாடு மேய்த்தவர்கள் ஒரு பக்கம், பட்டா கேட்டு மனுக் கொடுத்தவர்கள் ஒரு பக்கம் என்று வருடக்கணக்காக இழுபறியில் கிடந்ததை நகராட்சி வேலி போட்டு எடுத்துக்கொண்டது. போதாததற்கு வாசல் பலகையில் ‘மீத்தேன்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். வயலில் குழாய் இறக்கி மீத்தேன் எடுக்கப் போகிறார்கள் என்று டெல்டா முழுக்க விவசாயிகள் கொதித்துப்போயிருந்த சமயம் அது. ஆட்சியில் இருந்த கட்சிக்காரரும் இல்லாத கட்சிக்காரரும் ஒரே மேடையில் நின்று எதிர்த்த ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

வேலியை ஒட்டிக் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துகொண்டிருந்தார் ஒரு விவசாயி. பச்சைத் துண்டு, கனத்த குரல். முதல் நாளே வாசலில் வந்து நின்றார்.

“எத்தன அடி ஆழம் தோண்டப் போறீங்க?”

“ஒரு அடிகூடத் தோண்ட மாட்டோம் அண்ணே. சோறு, காய், எலை எல்லாம் கரைச்சு மூடின தொட்டிக்குள்ள விடுவோம். அது உள்ளயே நொதிச்சு வாயு வரும். சாண எரிவாயு மாதிரிதான்.”

“எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்றாங்க.”

பிறகு தாசில்தார் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. பலகையை மாற்றி எழுதுவது என்றும், வாயு எடுத்த பிறகு வெளியே வரும் கரைசலைப் பக்கத்து வயல்களுக்கு இலவசமாகக் கொடுப்பது என்றும் முடிவானது. வயல் கெட்டால் வாசலுக்குப் பூட்டுப் போடுவோம் என்று விவசாயிகள் எழுந்து நின்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதனால் அந்தத் தொட்டிக்குள் என்ன போகிறது என்பது என்னைப் பொறுத்தவரை வெறும் இயந்திர விஷயமாக இருக்கவில்லை. லாரி வந்து கொட்டியதும் பிரிக்கும் மேடையில் பெண்கள் வரிசையாக நின்று கேரி பேக், பால் கவர், மாலை கட்டிய நைலான் நூல், கண்ணாடித் துண்டு, தேங்காய் ஓடு, எலும்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். மிச்சம் மட்டும்தான் அரைக்கும் இயந்திரத்துக்குப் போகும். அரைத்ததைத் தண்ணீரில் கரைத்து ஒரு நீளத் தொட்டியில் மெதுவாக ஓடவிடுவோம். மணலும் முட்டை ஓடும் அடியில் தங்கிவிடும். அதற்கு அப்புறம் ஒரு கம்பி வலை. அதையும் தாண்டுவதுதான் நொதிக்கும் பெரிய தொட்டிக்குள் போகும். இந்த வரிசை மாறவே கூடாது. பிரிக்காமல் அரைத்துவிட்டால் ஒரு பை நூறு துணுக்காகிவிடும். பிறகு யாராலும் பொறுக்க முடியாது.

மேடையின் தலைவி ஒரு அக்கா. கணவர் மஸ்கட்டில் கொத்தனார். வேலையில் கறார், வாயில் அதைவிட. “சோத்துல கை வைக்கிற மாதிரி பார்த்து எடுங்கடி” என்பது அவர் தினமும் சொல்லும் வாக்கியம்.

ஒரு வைகாசியில் எனக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டேன். கம்பெனி ஒருவரைப் பதிலுக்கு அனுப்பியது. முகூர்த்த மாதம். மண்டபங்களிலிருந்து இலையும் சோறும் மலையாக வந்தன. லாரிகள் வாசலில் நிற்கக் கூடாது என்பது அவருக்கு வந்த உத்தரவு. பைகளை அவிழ்க்காமலே அரைக்கச் சொன்னார். வலை அடிக்கடி அடைத்துக்கொண்டதால் அதைக் கழற்றி ஓரமாகச் சாத்தினார். மணல் தங்கும் தொட்டி நிரம்பிய பிறகும் வழிக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். அக்கா என்னைக் கண்டதும் கையுறையைக் கழற்றினார்.

“மேடம், நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கல. நேத்துலேருந்து கேஸ் பலூன் தொங்கிப்போயிக் கெடக்கு.”

போய்ப் பார்த்தேன். வாயு சேர்ந்து உப்பி நிற்க வேண்டிய ரப்பர் பலூன் சுருங்கி மடிந்திருந்தது. பெரிய தொட்டியின் அடியிலிருந்து கரைசலை உறிஞ்சி மேலே திரும்ப ஊற்றும் பம்பு ஒன்று உண்டு. உள்ளே இருப்பதைக் கலக்கிவிடுவது அதுதான். அது வெறுமனே உறுமிக்கொண்டிருந்தது. எதுவும் ஏறவில்லை. பார்வைக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் மேலே பாலாடை மாதிரித் தடித்த ஆடை. அதில் நீலமும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் துணுக்குகள்.

அடைப்பு தொட்டிக்குள் ஆழத்தில் இருந்தால் முழுவதையும் வடிக்க வேண்டும். விஷவாயு இருக்கும் இடம், சட்டென்று யாரையும் இறக்க முடியாது. உள்ளே வளர்ந்திருக்கும் நுண்ணுயிர்கள் மொத்தமும் போய்விடும். மறுபடி சாணம் கரைத்து முதலிலிருந்து தொடங்க மாதங்கள் ஆகும். அதுவரை ஊர்க்குப்பை வாசலில் நாறும். இந்தப் பெண்களுக்கு வேலை இருக்காது.

உள்ளே விடுவதை நிறுத்தச் சொன்னேன். வந்த லாரிகளை நகராட்சியின் உரக்கிடங்குக்குத் திருப்பி அனுப்பினோம்.

பம்புக்குக் கரைசல் வரும் அடிக்குழாயின் வால்வைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வயல்காரர் உள்ளே வந்தார். துண்டின் முனையை அவிழ்த்து என் முன்னே நீட்டினார். உள்ளே கூரான ஒரு எலும்புச் சில்லு.

“நீங்க குடுத்த தண்ணியில வந்தது. நாத்தங்காலுக்கு விட்டேன். சேத்துல எறங்குன பொண்ணு கால்ல ஏறிடிச்சு. ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கேன். நாளைக்கு எவ எறங்குவா?”

அவரை வால்வுக்கு அருகே அழைத்துப் போனேன்.

“பாருங்க அண்ணே. முழுசாத் தொறந்திருக்கு. இவ்வளவு பெரிய தொட்டி, ஒரு சொட்டு வரல. மணலும் எலும்பும் வழியில உக்காந்திருக்கு. எங்க உக்காந்திருக்குன்னு தெரியல. குழாய்லன்னா பொழைச்சோம். உள்ளன்னா நீங்க பூட்டுப் போட வேணாம், தானா மூடிடும்.”

அவர் வால்வையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன செய்யப் போற?” என்றார். ‘நீங்க’ போய்விட்டது. அது கோபமா உரிமையா என்று அப்போது புரியவில்லை.

“வால்வை மூடிட்டு, தொட்டிக்கும் அதுக்கும் நடுவுல இருக்குற சின்ன இணைப்பு வழியாத் தண்ணிய வேகமா உள்ள தள்ளணும். அடைப்பு பின்னால நகந்து கலையும். அப்புறம் தொறந்தா தொட்டியோட கனமே வெளிய தள்ளிடும். எங்க மோட்டாருக்கு அந்த வேகம் இல்ல.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டேன். “உங்க ஆயில் என்ஜின் கெடைக்குமா?”

அவர் திரும்பி வெளியே போனார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார், உதட்டைப் பிதுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் டிராக்டர் சத்தம். என்ஜினை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எரிவாயு இருக்கும் இடத்தில் என்ஜின் ஓடக் கூடாது என்பதால் வேலிக்கு வெளியே, வாயு அந்தப் பக்கம் போகாதபடி, காற்று அங்கிருந்து எங்களிடம் வீசும் இடமாகப் பார்த்து வாய்க்கால் கரையில் வைத்தோம். நீளக் குழாயை இழுத்து வந்து இணைப்பில் மாட்டினேன். பீடிக்கு வயல்காரரின் கை போனதும் அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். பீடிக்கட்டு திரும்பச் சட்டைப் பைக்குள் போனது.

என்ஜின் ஓடியது. குழாய் முறுக்கேறி விறைத்தது. நிறுத்தச் சொல்லிவிட்டு வால்வைத் திறந்தேன். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. மூன்றாவது முறை குழாய்க்குள் ஏதோ உருண்ட சத்தம் கேட்டது. திறந்ததும் கருப்பாக ஒரு கை அளவு கசிந்து மறுபடி நின்றது.

“வருது மேடம்!” என்று அக்கா கத்தினார்.

“இன்னொரு தடவ அடிங்க அண்ணே!” நானும் கத்தினேன்.

அடுத்த முறை திறந்தபோது கிணற்றில் வாளி விழுந்த மாதிரி ஒரு ஓசை. கரைசல் பீறிட்டுச் சிமெண்டுக் குழிக்குள் கொட்டியது. மணல், முட்டை ஓடு, நண்டு ஓடு, கடைசியாக, அரைபடாமல் தப்பி வந்த ஒரு ஆட்டுத் தொடை எலும்பு. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பையும் நைலான் நூலும் வாழைநாரும் கூந்தல் மாதிரிச் சுற்றியிருந்தன. அது வளைவில் குறுக்கே விழுந்து நிற்க, வந்த மணலெல்லாம் பின்னால் கெட்டிப்பட்டிருக்கிறது. அடைப்பு குழாயில்தான் இருந்தது. தொட்டிக்குள் இல்லை.

ஒரேயடியாக வெளியே விட்டால் மேலே வெற்றிடமாகிக் காற்று உள்ளே புகுந்துவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடினோம். மணல் வருவது குறைந்ததும் பம்பைப் போட்டேன். உறுமல் மாறிச் சீரான சத்தம் வந்தது. பார்வைக் கண்ணாடியில் மேலிருந்து கரைசல் விழுந்து ஆடை விரிசல் விடுவதைப் பார்த்தேன். நான் அழுதேன் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது வியர்வை.

வெளியே வந்த கரைசலை வயலுக்குக் கொடுக்காமல் வடிகட்டி உலர்த்திக் கொட்டினோம். பிளாஸ்டிக் துணுக்குகள் மிதந்து வர வர கரைசல் வழிந்து வெளியேறும் மேல் வாயிலில் பல வாரம் அரித்தெடுத்தோம். வலை பழைய இடத்துக்கு வந்தது. பைகளை அவிழ்க்காமல் அரைப்பதில்லை என்று கம்பெனி மேலாளரிடம் போனில் சொன்னேன். லாரி நிற்குமே என்றார். “நிக்கட்டும் சார். தொட்டி நின்னா லாரி எப்பவும் நிக்கும்” என்றேன்.

எலும்பு அதிகம் வந்தது கூத்தாநல்லூரின் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து. அந்த ஊர் லாரியும் எங்களிடம்தான் வந்துகொண்டிருந்தது. அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்து பாய், சிங்கப்பூரில் கடை வைத்திருந்து திரும்பியவர். தேநீர் வரவழைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

“எலும்பு மக்காதாம்மா அதுக்குள்ள?”

“மக்காது பாய். அரைக்கிற மெஷினோட பல்லையும் ஒடைக்கும்.”

“நாலு பேரு சேந்து ஒரே சஹன் தட்டுல சாப்பிட்டு எந்திரிக்கறப்பவே எலும்புக்குத் தனி வாளி வச்சிடச் சொல்றேன். இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே! யாரும் எங்ககிட்ட வந்து கேக்கலியே” என்றார். உண்மைதான், யாரும் கேட்கவில்லை.

அந்த வாளிகள் நிரம்பி வந்தன. எலும்பு ஆலைக்கு வாங்குகிறவர் ஒருவர் வந்து அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

பலூன் ஒரே நாளில் எழுந்துவிடவில்லை. தொட்டிக்கான தீனியை இரண்டு நாளைக்கு ஒரு முறை, கொஞ்சமாகக் கொடுத்தோம். முதலில் அதன் ஓரம் மட்டும் விறைத்தது. பிறகு நடுவில் ஒரு திமில் மாதிரி. ஒரு காலையில் நான் சைக்கிளை நிறுத்தும்போதே வேலிக்கு மேலே அது தெரிந்தது. பலூனிலிருந்து குழாய் போகும் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தேன். நடுங்காத நீலச் சுடர்.

பெண்கள் மேடையை விட்டு இறங்கி வந்து அடுப்பைச் சுற்றி நின்றார்கள். வேலிக்கு அப்பால் வரப்பில் நின்ற பக்கத்து வயல்காரர், “எரியுதா?” என்று கேட்டார்.

“எரியுது அண்ணே!”

“அப்ப டீ போடுங்க. வரேன்.”

வந்தார். சுடரைக் குனிந்து பார்த்தார். அக்கா ஒரு பாத்திரத்தில் பால் வைத்தார். யாரோ பட்டாணிப் பொட்டலம் பிரித்தார்கள். வாய் கசந்து சாப்பாடு இறங்காமல் கிடந்த எனக்கு அன்றைக்குப் பசித்தது. அக்காவின் தூக்குச் சட்டியில் இருந்த மீன் குழம்புச் சோற்றில் பாதியை, காலை பத்து மணிக்கே, நான் சாப்பிட்டு முடித்தேன்.