ஏழுக்கு அடுத்து எட்டு

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. திரையில் ஓர் எண் வந்துவிட்டால், எதிரே நிற்கிற மனிதர் தலைகீழாக நின்றாலும் நம்ப மாட்டேன். படித்த படிப்பு அப்படி. திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் நிலவரைபடமும் அது சார்ந்த கணினி வேலையும் படித்துவிட்டு, நாமக்கல்லில் கோழி மருந்து விற்கும் ஒரு கடையில் சேர்ந்தேன். கோழிக்கும் எனக்கும் குழம்பைத் தாண்டி எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவள்.

கடைக்கு ஒரு சின்ன வேன். தினமும் காலையில் தடுப்பூசியை ஐஸ் பெட்டியில் அடுக்கி, மற்ற மருந்துகளை அட்டைப்பெட்டியில் போட்டு, பத்துப் பதினான்கு பண்ணைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும். ஓட்டியவர் ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணன் ஒருவர். இருபது வருடமாக அதே கடை. எந்தப் பண்ணைக்கு முதலில் போவது, எதற்குப் பிறகு போவது என்பதெல்லாம் அவர் மனக்கணக்கு. முதலாளிக்கு அதுதான் கண்ணை உறுத்தியது.

"இந்தாளு ஊரைச் சுத்தறாரு அம்மிணி. நீ கம்ப்யூட்டர்ல போட்டுச் சுருக்கு வழி எதுன்னு எடு. அவரு ஓட்டுன கிலோமீட்டரைப் பக்கத்துல போட்டு ஒரு தாள் குடு. இந்த மாசத்தோட கணக்கை முடிச்சு அனுப்பிரலாம்" என்றார். வேனில் ஏற்கெனவே ஜிபிஎஸ் கருவி மாட்டியிருந்தார். அதாவது ஒரு மனிதரின் வேலை என் தாளில் இருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒழுங்காகத்தான் செய்தேன், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மல்லசமுத்திரம், திருச்செங்கோடு வட்டாரச் சாலைகளைக் கோடு கோடாக இணைத்து ஒரு வலைப்பின்னலாக்கினேன். ஒவ்வொரு கோட்டுக்கும் நீளம் கொடுத்தேன். பைபாஸில் நடுத்தடுப்பு இருக்கும் இடத்தில் வண்டி குறுக்கே பாய முடியாது என்று எழுதிவைத்தேன். மேம்பாலத்தின் மேலே போகிற சாலையும் கீழே போகிற சாலையும் வரைபடத்தில் வெட்டிக்கொள்வதால் அது சந்திப்பு ஆகிவிடாது என்று பிரித்துவிட்டேன். பண்ணைகளைப் புள்ளிகளாக வைத்தேன். புறப்படும் இடமும் திரும்பும் இடமும் கடை. இடையில் உள்ள பதினான்கின் வரிசையை அதன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு டிக். அந்த டிக்கைப் போட மறந்தால் நாம் கொடுத்த வரிசையிலேயே போய், அதற்குள் மட்டும் சுருக்கு வழி தேடும். நான் மறக்கவில்லை.

பதினான்கு இடங்களை எண்பத்தேழாயிரம் கோடி அல்ல, எட்டாயிரத்து எழுநூறு கோடி விதமாக வரிசைப்படுத்தலாம். சொல்லும்போதே எனக்குச் சைபர் தடுக்கும். மென்பொருள் அத்தனையையும் ஓட்டிப் பார்ப்பதில்லை. முதலில் எந்த இரண்டு இடத்துக்கும் நடுவே மிகக் குறைந்த தூரம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கும். பிறகு ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு, இதை அங்கே மாற்றினால் குறையுமா, அதை இங்கே மாற்றினால் குறையுமா என்று திருத்திக்கொண்டே போகும். சில நொடிகளில் விடை வந்தது: நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர். அதே நாளில் அண்ணன் ஓட்டியது நூற்று நாற்பத்து மூன்று.

இருபத்தைந்து கிலோமீட்டர்! எனக்கே கோபம் வந்தது. ஒரு மாதத்துக்கும் இப்படியே போட்டேன். அநேகமாக எல்லா நாளும் அவர்தான் அதிகம். தாளை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

மறுநாளும் அதே பதினான்கு பண்ணைகளுக்குத்தான் ஆர்டர் இருந்தது; என் வரிசைத் தாளை அண்ணனிடம் நீட்டினேன். மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். திருப்பி என் கையிலேயே வைத்தார்.

"இப்பிடி ஓட்ட மாட்டேனுங்க அம்மிணி."

"ஏனுங்கண்ணா? தூரம் குறையுதுல்ல?"

"கொறையுமுங்க. நான் ஓட்ட மாட்டேன், அவ்வளவுதானுங்க."

நானும் விடவில்லை. நான் கூடவே வருகிறேன், எங்கே சுற்றுகிறீர்கள் என்று பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவர் கதவை இன்னொரு தரம் இழுத்துச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

மல்லசமுத்திரம் தாண்டியதும் என் தாளில் ஏழாவதாக இருந்த பண்ணையின் வாசல் வந்தது. நிற்காமல் போனார். அரை கிலோமீட்டரில் எட்டாவது. அங்கே நிறுத்தினார். பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் குதூகலம்.

"ஏழாவதை விட்டுட்டீங்களேண்ணா. வாசல் முன்னாடியேதான வந்தோம். அப்பறம் இதுக்காக இவ்வளவு தூரம் திரும்பி வரணுமா?"

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"ஆர்டர் புஸ்தகத்துல அதுக்கு நேரா ரிமார்க்ஸ் போட்டிருந்ததே, படிச்சீங்களா?"

"படிச்சேனே. 'உக்காந்திருக்கு'ன்னு போட்டிருந்தது."

"அப்படின்னா?"

"ஆள் உக்காந்திருக்கு. எப்ப போனாலும் மருந்தை வாங்கிக்க ஆள் இருக்கும்னு அர்த்தம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். கிண்டல் செய்திருந்தால்கூட எனக்குத் தேவலாம். அவர் செய்யவில்லை.

"கோழி உக்காந்திருக்குதுங்க அம்மிணி. நோவு வந்தா கோழி தீனி எடுக்காம, எறக்கையைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்துக்கும். போன்ல யாரும் எங்க பண்ணைல சீக்குன்னு சொல்ல மாட்டாங்க. உக்காந்திருக்குதுன்னுதான் சொல்வாங்க. அங்க எறங்கி நடந்துட்டு, அந்த எச்சத்தைச் செருப்புலயும் டயர்லயும் ஒட்டிக்கிட்டு நேரா இங்க வந்தா என்னங்க ஆகும்? இங்க இருக்கறது பதினஞ்சாயிரம் குஞ்சுங்க. போன வாரந்தான் எறக்குனது."

அவரே விரலை மடக்கி எண்ணிக் காட்டினார்.

"குஞ்சு மொதல்ல, பெரிய கோழி அப்பறம், நோவு கடைசி. நோவுப் பண்ணைக்குப் போயிட்டா அன்னைக்கு வேற வாசல் மிதிக்க மாட்டேன். டயரைக் கழுவி, மருந்தடிச்சுட்டுத்தான் கடைக்கு வண்டியை உடுவேன். யாரு கணக்குப் பாத்தாலுஞ் செரி."

மானம் போயிற்று. ஊரெல்லாம் கோழிப்பண்ணையாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று ஒருவரைக் கேட்கத் தோன்றவில்லையே எனக்கு. அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல், அந்தத் தாள் முதலாளி மேசையில் கிடந்தது. மாதம் முடிய நான்கு நாள்தான் இருந்தது.

வேன் திரும்பியதும் சாப்பிடக்கூடப் போகாமல் கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஆர்டர் புத்தகத்தை வைத்துக்கொண்டு குஞ்சு, பெரிய கோழி, நோவு என்று ஒவ்வொரு புள்ளிக்கும் அடையாளம் போட்டேன். கணக்குப் போட்ட அந்த முதல் நாளில் நோவுப் பண்ணை ஒன்றுதான், அந்த ஏழாவது. அதைப் பட்டியலின் கடைசிக்குக் கொண்டுபோய், கடைசி நிறுத்தத்தை மாற்றாதே என்ற இன்னொரு டிக்கைப் போட்டேன். அங்கிருந்து கடைக்குத் திரும்பும் தூரத்தைத் தனியாகக் கண்டுபிடித்துக் கூட்டினேன். குஞ்சுப் பண்ணைகள் அன்றைக்கு இரண்டுதான். எது முன்னால் என்று இரண்டு விதமாகவும் வைத்து ஓட்டிப் பார்த்து, குறைந்ததை எடுத்துக்கொண்டேன்.

விடை நூற்று நாற்பது. அண்ணன் ஓட்டியது நூற்று நாற்பத்து மூன்று. அந்த மூன்று கிலோமீட்டர், டயர் கழுவும் வாட்டர் சர்வீஸுக்குப் போய் வந்த தூரம். ஜிபிஎஸ் கோட்டிலேயே தெரிந்தது, என் கண்ணுக்குத்தான் முன்பு தெரியவில்லை.

மற்ற நாட்களையும் விடாமல் போட்டேன். ஒரு நாள் அவர் என்னைவிட இரண்டு கிலோமீட்டர் குறைவு. மென்பொருள் கிறுக்காகிவிட்டதா என்று நோண்டினால், புதிதாகத் தார் போட்ட ஒரு காட்டுப்பாதை என் வலைப்பின்னலில் இல்லவே இல்லை. மனிதர் காகிதமும் இல்லாமல் பேனாவும் இல்லாமல் இருபது வருடமாக இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார். நான் அவர் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் காலை புதுத் தாளோடு முதலாளி முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், 'உக்காந்திருக்கு' உட்பட. அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"யாரு சொல்லி மாத்துன?"

"யாரும் சொல்லலீங்க சார். தப்பு என்னுது."

"கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுமா?"

"கேட்டதுக்குத்தான் அது பதில் சொல்லும் சார். சுருக்கு வழி எதுன்னு கேட்டேன், சொல்லிருச்சு. நோவு எங்கேன்னு நான் அதுகிட்டச் சொல்லவே இல்லை."

"அவரை அனுப்பறதுன்னு முடிவு பண்ணியாச்சு. நீ அந்தப் பழைய தாளையே ஃபைல்ல வை. புது டிரைவருக்கு அந்த வரிசையைக் குடுத்துக்கலாம். உன் வேலை எதுவோ அதைப் பாரு."

வேலை போனால் போகட்டும் என்று அப்போது உண்மையாகவே நினைத்தேன். பயம் இல்லாமல் இல்லை, விடுதி வாடகைக்கு என்ன செய்வது என்றும் ஓர் ஓரத்தில் ஓடியது. இருந்தாலும் பழைய தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

"சரிங்க சார். இந்த வரிசைலயே ஓட்டலாம். ஆனா என் பேர்ல இது வெளிய போகாது. ஏழாம் நம்பர்ல கோழிக்கு நோவுன்னு தெரிஞ்சுதான் அடுத்த பண்ணைக்கு அனுப்பறேன்னு நீங்க அடியில எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எட்டாம் நம்பர் பண்ணைல காட்டிட்டு உள்ள போறோம்."

அவர் பேனாவை எடுத்துவிட்டார். பிடிவாதத்தில் என்னை மிஞ்சியவர், போட்டும் இருப்பார். என் விரல் எட்டின் மேல் இருந்தது. பட்டியலில் வாடிக்கையாளர் எண்ணும் ஊரும்தான் இருக்கும், பெயர் இருக்காது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்ணைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

எட்டாவது பண்ணை அவருடைய மகளைக் கட்டிக்கொடுத்த இடம். அண்ணன் முந்தின நாள் வண்டியிலேயே எனக்குச் சொல்லியிருந்தார். நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, விரலையும் எடுக்கவில்லை.

"பதினஞ்சாயிரம் குஞ்சு" என்றார் முதலாளி, மெதுவாக.

"ஆமாங்க சார். ஏழுல இருந்து அரை கிலோமீட்டர்தான். அதான் அடுத்து அங்க போகச் சொல்லுது."

அவர் பேனாவை மூடினார். பழைய தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்த அண்ணனைக் கூப்பிட்டு, "ஏனப்பா, நம்ம புள்ள பண்ணைக்கு இன்னைக்குத் தடுப்பூசி மொதல்லயே போயிருமல்ல?" என்று கேட்டார்.

"மொதல்ல அங்கதானுங்க" என்றார் அண்ணன், பெட்டியைக் கீழே வைக்காமலே.