கடிதத்தில் இரண்டு முறை வேலை போனவர்

பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளருக்கு அங்கே பெயர் 'மறுபடி'. பள்ளிக்கூடப் பைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கி எண்ணி முடித்தால் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதான். எண்ணியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி எண்ணுவார்கள். அவர் மனைவி ஒருநாள் கம்பெனி வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்: "நான் சம்மதம்னு சொன்னதையே மறுபடி சொல்லச் சொன்ன ஆளு இவரு. வீட்டுக் கதவைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து இழுத்துப் பாப்பாரு." குறை சொல்வதுபோல்தான் சொன்னாள். முகத்தில் பெருமைதான் இருந்தது.

அவர் சேர்ந்து இருபத்திரண்டு வருடம். நான் வந்த பதினோரு வருடத்தில் அவர் அனுப்பிய பெட்டியில் ஒரு பை குறைந்ததில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். குறைந்திருந்தால் அதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதியிருப்பவள் நான்தான்.

எங்களிடம் பை வாங்கும் பெரிய கம்பெனிக்கு ஸ்பானிஷில் எழுதினால்தான் பிடிக்கும். அலுவலகத்தில் அந்த மொழி தெரிந்தவள் நான் ஒருத்தி. சரக்கு தாமதமானால் முதலாளி என் மேஜைக்கு வந்து, "வழக்கம்போல ஒண்ணு போட்டு விடும்மா" என்பார். முதலில் மன்னிப்பு, பிறகு காரணம், பிறகு இனிமேல் நடக்காமலிருக்க என்ன செய்தோம், கடைசியில் புதிய தேதி. மூன்றாவது பத்தியில்தான் கடிதம் நிற்கும் அல்லது விழும். எதையாவது செய்ததாகக் காட்ட வேண்டும். 'பொறுப்பாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்' என்று எழுதினால் அங்கே மனம் இளகுகிறது என்று முதலாளி எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். பதினோரு வருடத்தில் நான் இப்படி நான்கு பேரைக் கடிதத்தில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். நால்வரும் மறுநாள் வேலைக்கு வந்து, கேன்டீனில் எனக்கு முன்னால் நின்று டீ வாங்கினார்கள். எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

இந்த முறை ஜிப் வந்து சேர ஆறு நாள் தாமதம். பேக்கிங்குக்கு ஐந்து நாள் வேண்டிய இடத்தில் ஒன்றரை நாள்தான் கிடைத்தது. 'மறுபடி' உட்காரவே இல்லை. முடித்தும் கொடுத்துவிட்டார். ஆனால் கன்டெய்னர் லாரி துறைமுகத்துக்குப் போனபோது அந்தக் கப்பலுக்குச் சரக்கு வாங்கும் வாசல் மூடி நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த கப்பல் ஒன்பது நாள் கழித்து.

ஜிப் ஏன் தாமதமானது? பை வாங்கும் கம்பெனி சொன்ன கடையில்தான் நாங்கள் ஜிப் வாங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். முதலாளி வேறு இடத்தில் ஆர்டர் கொடுத்துப் பார்த்தார், அது சரிப்படவில்லை, கடைசி நேரத்தில் பழைய கடைக்கே ஓடினார். இதை எழுத முடியாது. எழுதினால் ஒப்பந்தமே போய்விடும். "யாரையாவது போடும்மா" என்றார். நான் பழைய கடிதத்தைத் திறந்து, தேதியையும் கப்பல் பெயரையும் மாற்றி, அந்த மூன்றாவது பத்தியைத் தொடாமல் விட்டேன். அவசரம். அந்தப் பத்தியில் இருந்தது 'பேக்கிங் மேற்பார்வையாளர்'.

நான்காம் நாள் பதில் வந்தது. அங்கிருந்து எப்போதும் ஒற்றை வரியில் "கவலைப்பட வேண்டாம்" என்று எழுதும் அம்மாள் ஓய்வு பெற்றுவிட்டாராம். புதிதாக வந்தவர் கோப்பைப் புரட்டியிருக்கிறார். 'மூன்று வருடம் முன்பும் பேக்கிங் மேற்பார்வையாளரை நீக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை அதை நேரில் உறுதி செய்ய விரும்புகிறோம். பதினெட்டாம் தேதி எங்கள் ஆய்வாளர் வருவார். புதிய மேற்பார்வையாளரைச் சந்திப்பார்' என்று மிக மரியாதையான ஸ்பானிஷில் எழுதியிருந்தார்.

முதலாளிக்கு அதைப் படித்துச் சொன்னேன்.

"சார், உண்மையைச் சொல்லிடலாம். நான் நல்லபடியா எழுதறேன்."

"ஜிப் கதையையா? நூத்தி எண்பது பேர் வேலைம்மா இது." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அவரைப் பத்து நாள் லீவுல போகச் சொல்லு. ஆய்வு முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. பெட்டிகளுக்கு நடுவில் நின்று 'மறுபடி'யிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பத்தியை நான்தான் அப்படியே விட்டேன் என்பது உட்பட. அவர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"மூணு வருஷம் முன்னாடியும் நான்தானா?"

"ஆமாண்ணே."

"சொல்லியிருந்தா அன்னிக்கு ஒரு நாளாவது லீவு போட்டிருப்பேனே தங்கச்சி." சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "சரி, பத்து நாள்தானே. அதுக்குள்ள அடுத்த ஆர்டரை முடிச்சு வச்சிட்டுப் போறேன். ஆய்வுல பெட்டி தப்பாயிடக் கூடாது."

நானூறு பெட்டி. ஒவ்வொன்றையும் எண்ணி, மறுபடி எண்ணி, ஒட்டிவிட்டுத்தான் போனார். அவருடைய உதவியாளர் புதிய மேற்பார்வையாளர் ஆனார். அவரிடம் சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து, அலமாரி பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

பதினெட்டாம் தேதி ஆய்வாளர் வந்தார். குறைவாகப் பேசும் மனிதர். நானூறில் தன் விருப்பத்துக்கு இருபது பெட்டி எடுத்து, பிரிக்கச் சொல்லி, தானே எண்ணினார். இருபதும் சரி. ஒரு பை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புதிய மேற்பார்வையாளர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறிக்கை இரண்டு நாளில் வந்தது. முதலாளி எதிரில் உட்கார்ந்திருக்க, நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். 'பேக்கிங் மிகவும் ஒழுங்காக இருக்கிறது. முந்தைய மேற்பார்வையாளரை நீக்கியது சரியான முடிவு என்பது தெளிவாகத் தெரிகிறது. இனி ஒவ்வொரு சரக்குக்கும் எங்கள் ஆய்வாளர் வருவார். இதே மேற்பார்வையாளர் தொடர வேண்டும்.'

அந்தப் பெட்டிகளைக் கட்டியவர் யார் என்று அந்த அறையில் இருந்த இருவருக்கும் தெரியும். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"நன்றின்னு ஒரு கடிதம் போட்டு விடும்மா" என்றார்.

எழுதினேன். ஒரு பிழை இல்லாமல் எழுதினேன். என்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது, ஆனால் விரல்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போயின. எழுத மாட்டேன் என்று எழுந்திருக்கலாம். எழுந்தால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இங்கே வேறு யாருக்கும் ஸ்பானிஷ் தெரியாது.

கடிதத்தை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது போன் அடித்தது. 'மறுபடி'தான்.

"தங்கச்சி, ஆய்வு முடிஞ்சிடுச்சாமே. பெட்டியெல்லாம் சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே."

"எத்தனை திறந்தாங்க?"

"இருபது."

"இருபதும் சரியா?"

"இருபதும் சரி."

அவர் பக்கத்தில் இருந்த மனைவியிடம் அதைச் சொல்வது எனக்குக் கேட்டது. அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"அப்ப திங்கக்கிழமை வந்துடறேன். பத்து நாளும் முடிஞ்சிடுது."

நான் அறிக்கையைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தேன். முதலாளியின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"வர வேணாம்ணே," என்றேன். "இனிமே வர வேணாம்னு எழுதியிருக்காங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

"மறுபடி சொல்லு தங்கச்சி" என்றார்.

மறுபடி சொன்னேன்.