பத்து மில்லிக் கயிறும் டோரதியின் பெயரும்

மகாதேவபுரத்தில் கட்டட ஹாய்ஸ்ட் செய்யும் ஒரு ஷெட்டில் டோரதி ஆறு வருடமாக டிராயிங் போட்டுக்கொண்டிருந்தாள். ஹாய்ஸ்ட் என்றால் வேறொன்றுமில்லை, செங்கல்லையும் கலவையையும் மாடிக்கு இழுத்துப்போகும் மோட்டார் தூக்கிதான். விடிகாலையில் தங்கவயலில் ரயிலேறி, கே.ஆர்.புரத்தில் இறங்கி, பஸ் பிடித்து வருவாள். கோடு போட்டால் கோடு. அவள் எழுத்தைப் பார்த்துவிட்டு அச்சடித்ததா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் டிராயிங்கின் வலது மூலையில், 'வடிவமைத்தவர்' என்ற பெட்டியில் மட்டும் முதலாளி கணேசமூர்த்தியின் பெயர்தான் இருக்கும்.

அதற்குக் காரணம் அவளேதான். தொண்ணூற்றிரண்டில் சேர்ந்த புதிதில், பத்து மில்லி கயிற்றுக்கு ஒரு டிரம் வரையச் சொன்னார்கள். இரும்புக் கயிற்றைச் சின்ன உருளையில் சுற்றினால் அதிகமாக வளைந்து உள்ளிழைகள் சீக்கிரம் அறுந்துபோகும். அதனால் டிரம்மின் விட்டம் கயிற்றின் விட்டத்தைப் போல இத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. டோரதி வளர்ந்ததோ தங்கச் சுரங்க எஞ்சின் ஹவுஸ் பக்கத்தில். அவள் அப்பா அங்கே வேலை செய்தவர். ஆள் இறங்கும் கயிற்றுக்கு நூறு மடங்கு என்று சோறு தின்னும்போதே கேட்டு வளர்ந்தவள். பத்தை நூறால் பெருக்கினாள், ஒரு மீட்டர் டிரம்மை ஜோராக வரைந்துவைத்தாள்.

கணேசமூர்த்தி பார்த்தார். "இன்னாம்மா இது, செங்கல் தூக்கறதா, தங்கம் தூக்கறதா?"

ஷெட்டே சிரித்தது. டிரம் நாலு மடங்கு பெருத்தால் அதே பாரத்தை இழுக்க நாலு மடங்கு முறுக்குவிசை வேண்டும். அவர்களிடம் இருந்த மோட்டார் மூச்சுத் திணறிப் படுத்துவிடும். இந்த வேலைக்கும் இந்தக் கயிற்றுக்கும் கேட்லாக் சொன்னது இருபத்தைந்து மடங்குதான். பாவம், அன்று வாங்கிய பேர் அவளை விடவில்லை. 'நூறு மடங்கு மேடம்' என்றால் டோரதி. அவளும் சிரித்துவைப்பாள், உள்ளுக்குள் எரியும். அதற்கப்புறம் எல்லாக் கணக்கையும் அவளேதான் போட்டாள். இருந்தும் பெட்டியில் பேர் மட்டும் கிடைக்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் தொம்மலூரில் ஓர் ஆபீஸ் கட்டடம் ஏறிக்கொண்டிருந்தது. சைட் சூப்பர்வைசர் விஜய்குமார் போன் போட்டார். "சார், மூணு வாரத்துல ரோப் பிஞ்சிபோச்சி. உங்க டிராயிங்கே தப்புன்றாரு எங்க என்ஜினீயரு. பேகா, இப்பவே வாங்க, இல்லனா உங்களுக்குக் குடுக்கறதா இருந்த ஆறு ஹாய்ஸ்ட் ஆர்டரும் வேற எடத்துக்குப் போயிடும்."

கணேசமூர்த்தி ரிசீவரை வைத்துவிட்டு டோரதியைப் பார்த்தார். "மறுபடியும் உங்க தங்கவயல் கணக்கா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "இருபத்தஞ்சு மடங்குதான் சார் போட்டேன். கயிற்றோட நடுவுல இருந்து நடுவுக்கு எரநூத்தம்பது, கயிறு பதியற பள்ளம், அந்தக் குரூவோட அடியில எரநூத்தி நாப்பது. வாங்க, போய்ப் பாக்கலாம். தப்பு என்னுதுன்னா நாளையில இருந்து வரல. இல்லன்னா அந்தப் பெட்டியில எம்பேரு."

வாயைக் கொடுத்துவிட்டாள். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தன. முதலாளியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இருபத்தைந்து பத்து எரநூத்தம்பது என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

சைட்டில் ஹாய்ஸ்ட்டை நிறுத்தி, பாரத்தட்டைக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். கயிறு முள்ளுச்செடியாகச் சிலிர்த்திருந்தது. இழைகள் அங்கங்கே ஒடிந்து நீட்டிக்கொண்டிருந்தன. உடைசல் எல்லாம் பக்கவாட்டில். கப்பிக்கு அடியில் சிவப்பாகத் துருப்பொடி கொட்டியிருந்தது. டோரதி பையிலிருந்து வெர்னியரை எடுத்துக் கயிற்றை அளந்தாள். ஒருமுறைக்கு இருமுறை அளந்தாள்.

"இன்னாங்க இது? பதிமூணு புள்ளி மூணு காட்டுது. நாங்க குடுத்தது பத்து மில்லியாச்சே?"

விஜய்குமார் மார்பை நிமிர்த்தினார். "பத்து மில்லி ஏழு மாசம் ஓடுச்சி மேடம். மாத்தும்போது நாந்தான் சொன்னேன், பதிமூணு போடுங்கப்பா, தடியா இருந்தா சேஃப்டின்னு. மேல கீழ ஆளுங்க நிக்கறாங்கல்ல?"

அட, நல்லதை நினைத்துச் செய்த காரியம் பாருங்கள்! டோரதிக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். மனுஷன் ஆட்களுக்காகப் பயந்துதான் அதைச் செய்திருக்கிறார், திட்ட மனம் வரவில்லை.

"பாருங்க சார்." கப்பியைக் கழற்றச் சொல்லிப் பள்ளத்தைத் துடைத்தாள். "புதுக்கயிறு சொன்ன அளவைவிட இம்மி தடிச்சே வரும். அதுக்காக இந்தக் குரூவப் பத்தே முக்கால் மில்லிக்கு வெட்டினோம். பத்து மில்லி கயிறு இதுல அடியில உக்காந்து அலுங்காம ஓடும். பதிமூணு உக்காருமா? இதோ, ரெண்டு உதடும் பளபளன்னு தேஞ்சிருக்கு, அடியில பழைய கிரீஸ் அப்படியே கெடக்கு. கயிறு உள்ளயே போகல, ரெண்டு பக்கமும் நெருக்கி நசுங்கியிருக்கு."

விஜய்குமார் குனிந்து பார்த்தார். "டிரம்முலயும் அப்படியா?"

"அங்க ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் பதினொன்றரை மில்லிதான் எடம் விட்டிருக்கு. பதிமூணு வந்து ஒண்ணோட ஒண்ணு ஒரசுது. போதாக்குறைக்கு மடங்கும் கொறஞ்சிபோச்சி. எரநூத்தி நாப்பதும் பதிமூணும் எரநூத்தி அம்பத்திமூணு, பதிமூணால வகுத்தா பத்தொன்பதரைக்குக் கிட்டதான் வருது. இருபத்தஞ்சு எங்க, பத்தொன்பதரை எங்க? தடிச்ச கயிறுன்னா அதுக்கேத்த பெரிய டிரம்மு வேணும்."

"அப்ப பெரிய டிரம்மே போட்டுக் குடுங்களேன்."

கணேசமூர்த்தி அவளைப் பார்த்தார். ஆறு வருடத்துக்கு முந்தைய டோரதியாக இருந்தால் உடனே தலையாட்டியிருப்பாள்.

"பதிமூணுக்கு முன்னூத்தி இருபத்தஞ்சு வேணும். முறுக்கு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கூடும், கியர்பாக்ஸே மாத்தணும். எதுக்கு? நீங்க ஏத்தறது ஐநூறு கிலோ. நாங்க குடுத்த கயிறு அதுக்குப் பத்து மடங்குக்கு மேல தாங்கும். புதுக் கப்பி போட்டு, டிரம்முல தேஞ்ச எடத்தைச் சரிபண்ணி, பத்து மில்லியே போடுங்க."

கணேசமூர்த்தி கப்பியைக் கையில் வாங்கி, விரலால் அந்தப் பளபளத்த உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். "நூறுன்னு ஆரம்பிச்சவங்க இன்னைக்குப் பெரிய டிரம்மே வேணாம்னு சொல்றாங்கப்பா" என்றார் விஜய்குமாரிடம். அதில் கேலி கொஞ்சம், பெருமை நிறைய. டோரதிக்குக் கண் கரித்தது. சிமெண்ட் தூசி என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

புதுக் கப்பியும் பத்து மில்லி கயிறும் போய்ச் சேர்ந்தன. நாலு மாதம் கழித்து அவளே தொம்மலூர் போய்க் கயிற்றை அடிமுதல் நுனிவரை துணியால் உருவிப் பார்த்தாள். ஒடிந்த இழை ஒன்றுகூடத் துணியில் சிக்கவில்லை. அடுத்த வாரம் விஜய்குமாரின் போன் வந்தது. "ஆறு ஹாய்ஸ்ட்டும் உங்களுக்குத்தான் சார். ஆனா டோரதி மேடம் கணக்குப் போட்டதா இருக்கணும், எங்க என்ஜினீயரு கேட்டுட்டாரு."

கணேசமூர்த்தி பிளேடை எடுத்தார். மூல டிராயிங்கின் மூலையில் மையால் எழுதியிருந்த தன் பெயரைத் தானே மெல்லச் சுரண்டி, பொடியை ஊதித் தள்ளினார். பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எழுதுங்கம்மா. ஆனா ஒண்ணு, பேரை நூறு மடங்கு பெருசா எழுதிடாதீங்க."

டோரதி சிரித்தாள். இந்த முறை உள்ளே எரியவில்லை. முதலில் படத்துக்குக் கீழே, 'பத்து மில்லி கயிறு மட்டுமே. தடித்த கயிறு போடக் கூடாது' என்று எழுதினாள். பிறகு பெட்டிக்கு வந்தாள். பேரைக் கொஞ்சம் பெரிதாகத்தான் எழுதினாள்.